பீம் விரிசலுக்கு எபாக்சி மட்டும் போதுமா?

கான்கிரீட் பீமில் விரிசல் தெரிந்தால் முதலில் எழும் யோசனை, எபாக்சி ஏற்றி மூடிவிடலாம் என்பதுதான். உடைக்க வேண்டாம், பெரிதாகத் தூசி பறக்காது, ஆட்கள் குடியிருக்கும்போதே செய்யலாம். ஒழுங்காகச் செய்தால் பசை ஏறிய இடம் சுற்றியுள்ள கான்கிரீட்டைவிட வலுவாகவே இருக்கும். சாதாரண கான்கிரீட் இழுவையில் 2 முதல் 3 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும். கட்டுமான எபாக்சி அதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஏற்றி முடித்த இடத்தில் கோர் எனும் உருளைத் துண்டை வெட்டி எடுத்து உடைத்துப் பார்த்தால், பசைக்கோடு அப்படியே நிற்க, பக்கத்துக் கான்கிரீட்தான் உடையும்.

அப்படியும் ஏற்றிய பீம்கள் ஓரிரு வருடத்தில் மறுபடியும் விரிகின்றன. பழைய கோட்டுக்குப் பக்கத்தில், அதே சாய்வில், புதிதாக ஒரு கோடு ஓடியிருக்கும். பசை தோற்கவில்லை, அது ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருக்கிறது. விரிசலை உண்டாக்கிய விசை இன்னும் அங்கேயே இருப்பதால், அது அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டது.

எபாக்சி பீமை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரும், அதற்கு மேல் ஒன்றும் தராது. பழைய நிலையே போதாமல் இருந்தால் எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் பலன் இல்லை. ஆகவே பம்பை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது: விரிசலே விழாத ஒரு பீம் இந்த இடத்தில் இருந்திருந்தால், இப்போது வரும் சுமையை அது தாங்குமா?

விரிசல் எங்கே, எந்தத் திசையில்

நடு ஸ்பானில், அதாவது இரண்டு தூண்களுக்கும் நடுவில், அடியிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக, வரிசையாக விழும் மெல்லிய விரிசல்கள் வளைவால் வருபவை. இவற்றைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். பீமின் அடிப்பகுதிக் கான்கிரீட் இழுவையைத் தாங்கும் என்று வடிவமைப்பாளர் எதிர்பார்ப்பதே இல்லை, அந்த வேலை முழுவதும் கம்பிக்குத்தான். 0.3 மி.மீ. வரையிலான விரிசல் சாதாரணச் சூழலில் கணக்கில் ஏற்றுக்கொண்டதுதான். அதற்குள் எபாக்சி ஏற்றினால் ஈரமும் காற்றும் கம்பியிடம் போகாமல் தடுக்கலாம், பீமின் விறைப்பும் கொஞ்சம் திரும்பும். ஆனால் வளைவைத் தாங்கும் திறன் அதிகமாகாது, ஏனென்றால் அந்தக் கான்கிரீட்டை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்த விரிசல்கள் அகலமாக இருந்தால், கம்பி என்ன நிலையில் இருக்கிறது என்று தோராயமாகக் கணிக்கலாம். விரிசல் அகலத்தை விரிசல்களுக்கு இடையிலான தூரத்தால் வகுத்தால் கம்பியின் நீட்சி வீதம் கிடைக்கும். 200 மி.மீ. இடைவெளியில் 0.2 மி.மீ. விரிசல்கள் என்றால் நீட்சி 0.001, அதாவது கம்பியில் ஏறக்குறைய 200 மெகாபாஸ்கல். அது சரி. அதே இடைவெளியில் அகலம் 0.5 மி.மீ. ஆகிவிட்டால் நீட்சி 0.0025. 500 மெகாபாஸ்கல் தரக் கம்பி இளகத் தொடங்கும் எல்லை அது. கம்பி இருக்கும் உயரத்தில் பக்கவாட்டில் அளக்க வேண்டும், அடிப்பரப்பில் அளந்தால் அகலம் கூடுதலாகக் காட்டும். கம்பி இளகியிருந்தால் சுமையை எடுத்த பிறகும் விரிசல் முழுதாக மூடிக்கொள்ளாது. ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

தூணுக்கு அருகே, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் ஓடும் விரிசல் வேறு கதை. இது வெட்டுவிசையால், அதாவது பீமைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசையால் வருவது. வளைவில் பீம் தோற்றால் முதலில் தொய்ந்து, விரிந்து, எச்சரித்த பிறகே தோற்கும். வெட்டுவிசையில் அப்படி அவகாசம் கிடைக்காமல் போகலாம். எபாக்சி போதுமா என்ற கேள்வி உண்மையில் கனப்பது இந்த விரிசலில்தான், அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஒரு பீம், ஒரு கணக்கு

300 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம், தூண் முகத்துக்கு முகம் 6 மீட்டர் ஸ்பான். மேலே 150 மி.மீ. ஸ்லாப், பீம் 4 மீட்டர் அகலப் பரப்பின் சுமையை வாங்குகிறது. அலுவலகமாக வடிவமைத்த தளம், சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் பயன்பாட்டுச் சுமை. பிறகு அந்த அறை காகிதக் கோப்புகள் அடுக்கும் இடமாக மாறிவிட்டது, சுமை 7.5 ஆகிவிட்டது. சில மாதங்களில் ஒரு முனையில் 0.6 மி.மீ. அகலத்தில் சாய்வான விரிசல்.

பழைய பயன்பாட்டில் ஸ்லாப், தரைப்பூச்சு, பீமின் எடை, பயன்பாட்டுச் சுமை எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 34 கிலோநியூட்டன். 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் 51. தூண் முகத்திலிருந்து 0.45 மீட்டர் தள்ளி வெட்டுவிசை பார்ப்பது வழக்கம். அங்கே வருவது 130 கிலோநியூட்டன்.

பீமின் திறன் இரண்டு பங்காக வருகிறது. கான்கிரீட் தன் பங்குக்குச் சுமார் 81 கிலோநியூட்டன் தாங்கும். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங் கம்பிகள், 8 மி.மீ. இரட்டைக் கால், 250 மி.மீ. இடைவெளியில், சுமார் 65 தாங்கும். மொத்தம் 146. தேவை 130 என்பதால் அலுவலகத்துக்கு இந்த பீம் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

கோப்புகள் வந்த பிறகு மீட்டருக்கு 52, காரணியோடு 78, வெட்டுவிசை 199 கிலோநியூட்டன். பீம் 53 குறைவாக நிற்கிறது. அப்படியும் அது விழாமல் இருப்பதற்குக் காரணம், உண்மையில் வரும் சுமை காரணி போடாதது, கான்கிரீட்டும் கம்பியும் கணக்கில் வைத்த அளவைவிடக் கொஞ்சம் கூடவே தாங்கும் என்பவைதான். வைத்திருந்த பாதுகாப்பு எல்லையைத்தான் பீம் இப்போது தின்றுகொண்டிருக்கிறது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 45 டிகிரி விரிசல் 250 மி.மீ. இடைவெளியுள்ள ரிங்குகளில் ஒன்றை அல்லது இரண்டைத்தான் வெட்டிப் போகும். அந்த ஒன்றிரண்டும் இளகினால் அடுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

சரி, எபாக்சி ஏற்றினால் என்ன ஆகும்? விரிசலால் குறைந்துபோன கான்கிரீட்டின் 81 பங்கு திரும்பும். மொத்தம் மறுபடியும் 146. கோப்புகள் அங்கேயே இருந்தால் 53 பற்றாக்குறையும் அங்கேயே இருக்கிறது.

கோப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, அறையைப் பழையபடி அலுவலகமாக்கினால் தேவை 130, திறன் 146. ரிங் அறுந்துபோகவோ துருப்பிடிக்கவோ இல்லையென்றால், அப்போது எபாக்சி மட்டுமே போதும். ஒரே பீம், ஒரே விரிசல், ஒரே பசை. போதுமா போதாதா என்பது மேலே என்ன இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது. விரிசலின் அகலத்தை மட்டும் கேட்டுவிட்டு மீட்டருக்கு இவ்வளவு என்று விலை சொல்பவர்களிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏற்றும் வேலை

முதலில் முட்டு. கோப்புகளை எடுத்தாலும் ஸ்லாப்பின் எடை பீமின்மேல்தான் இருக்கிறது. விரிசல் திறந்திருக்கும் நிலையிலேயே எபாக்சி ஏற்றி இறுகவிட்டால், அது திறந்த நிலையிலேயே உறைந்துவிடும். ஏற்கெனவே உள்ள சுமையை ரிங் கம்பியும் மிச்சமிருக்கும் கான்கிரீட்டுமே சுமந்துகொண்டிருக்கும், ஒட்டிய பரப்பு அதன்பிறகு வரும் சுமையில்தான் பங்கெடுக்கும். ஆகவே பீமுக்கு அடியில் முட்டு கொடுத்து, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையை வாங்க வேண்டும். விரிசலின் குறுக்கே அளவுகோல் ஒட்டியிருந்தால் 0.6 என்பது 0.4, 0.3 என்று இறங்குவது கண்ணில் தெரியும். அவசரப்பட்டுத் தூக்கினால் பீமின் மேற்பகுதியில் எதிர்த்திசை விரிசல் விழும். அந்த முட்டு நிற்கும் கீழ்த்தளம் அதைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு பூச்சை உரித்துக் கான்கிரீட் வரை போக வேண்டும். பூச்சின் மேலேயே போர்ட்டை, அதாவது பசை ஏற்றும் சிறு குழாய்முனையை ஒட்டி ஏற்றினால் எபாக்சி பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஓடிவிடும். விரிசலைத் தூசி போகக் காற்றால் ஊதி, இருபுறமும் எபாக்சி பேஸ்ட்டால் மூடி, போர்ட்டுகளை ஒட்டுவார்கள். 300 மி.மீ. அகல பீமில் விரிசல் குறுக்காக ஊடுருவியிருந்தால் இரண்டு பக்கமும் போர்ட் வேண்டும், இடைவெளி 150 முதல் 200 மி.மீ. வரை இருக்கலாம். பேஸ்ட் நன்றாக இறுகிய பிறகுதான் பம்ப்.

இதற்கான எபாக்சி தண்ணீர்போல இளகியதாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் சி 881 இல் நான்காம் வகை, முதல் கிரேடு என்று கேட்டால், சுமை தாங்கும் ஒட்டுக்கான குறைந்த பிசுபிசுப்புள்ள பசை என்று அர்த்தம். நல்ல பசை 0.05 மி.மீ. விரிசலுக்குள்ளும் நுழையும். இரண்டு பாகங்களையும் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும், கண்ணளவில் கலந்தால் உள்ளே பாதி இறுகியும் பாதி பிசுபிசுத்தும் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் எடுத்து ஒரு சிறு கோப்பையில் ஊற்றி, நேரம் எழுதி வைப்பது. மறுநாள் கோப்பையில் இருப்பது நகத்தில் பதிந்தால், விரிசலுக்குள்ளும் அதே நிலைதான்.

சாய்வான விரிசலில் கீழ்ப்போர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த போர்ட்டில் எபாக்சி எட்டிப் பார்த்ததும் முதலாவதை மூடி, மேலே நகர வேண்டும். அழுத்தம் மெதுவாக, நிதானமாக. அழுத்தத்தைக் கூட்டினால் வேகமாக ஏறும் என்று நினைப்பவர்கள் மேலே மூடிய பேஸ்ட்டைப் பிய்த்தோ, விரிசலையே நீட்டியோ விடுகிறார்கள். மெல்லிய விரிசலில் அழுத்தத்தைக் கூட்டுவதைவிட, அதே அழுத்தத்தில் சில நிமிடம் பிடித்து வைத்திருப்பதே நன்றாக வேலை செய்யும்.

ஏறியது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்லாப்புக்குக் கீழே 350 மி.மீ. உயரம், 45 டிகிரியில் ஓடும் விரிசலின் நீளம் சுமார் 500 மி.மீ., பீம் அகலம் 300, விரிசல் அகலம் 0.6. பெருக்கினால் 90 மில்லி லிட்டர். ஜாக்கியால் விரிசலைப் பாதியாகக் குறைத்திருந்தால் 45. முழு விரிசலுக்கும் 20 மில்லிதான் போயிற்று என்றால் உள்ளே பெரும்பகுதி காலி. அரை லிட்டர் குடித்தது என்றால் வேறெங்கோ கசிகிறது, அல்லது உள்ளே தேன்கூடுபோலப் பொந்து இருக்கிறது. இந்த ஒரு எண் பல சந்தேகங்களைத் தீர்த்துவிடும்.

விரிசலுக்குள் தண்ணீர் நின்றால் சாதாரண எபாக்சி ஒட்டாது, உலர்த்த வேண்டும் அல்லது ஈரத்தில் ஒட்டும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, அறை வெப்பநிலையில் இறுகும் எபாக்சிகள் பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸ் சுற்றளவிலேயே இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் அந்த ஒட்டை நம்ப முடியாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிமென்ட் கரைசலை ஏற்றும் சிமென்ட் கிரவுட் எங்கே வரும்? அகலமான விரிசலிலும் உள்ளே பொந்து உள்ள இடத்திலும். சில மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக எபாக்சி நின்றால் இறுகும்போது சூடு ஏறும், செலவும் கூடும். சிமென்ட் கிரவுட்டுக்கு அந்தப் பிரச்சினை குறைவு, தீயையும் தாங்கும். ஆனால் சாதாரண சிமென்டின் பெரிய துகள்கள் 0.1 மி.மீ. அளவுக்கு வரும். துகள்களைப்போலச் சில மடங்கு அகலம் இல்லாத விரிசலில் அவை வாசலிலேயே அடைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டும் உள்ளே போகும். மைக்ரோஃபைன் சிமென்ட் இன்னும் மெல்லிய விரிசலிலும் போகும். நம் பீமின் 0.6 மி.மீ. விரிசலுக்கு எபாக்சிதான் பொருத்தம்.

சுமை குறையாது என்றால்

கோப்புகள் அங்கேதான் இருக்கும் என்று முடிவானால் 53 கிலோநியூட்டனை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். எபாக்சி அப்போதும் வேண்டும், ஆனால் அது முதல் படி மட்டுமே. கார்பன் இழை ஒட்டலாம், இரும்புத் தகடும் போல்ட்டும் போடலாம், ஜாக்கெட் போடலாம். ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம்.

பீமின் இருபக்கமும் அடியிலும் கொத்திச் சொரசொரப்பாக்கி, 75 மி.மீ. தடிமனில் மைக்ரோ கான்கிரீட், அதற்குள் 8 மி.மீ. ரிங் 200 மி.மீ. இடைவெளியில். இந்தப் புது ரிங்குகள் சுமார் 81 கிலோநியூட்டன் தரும். ஜாக்கெட்டின் சொந்த எடையால் தேவை 8 அளவுக்குக் கூடும், அதைச் சேர்த்தாலும் 207 தான். திறன் 227. கணக்கு ஒத்துவருகிறது.

ஆனால் காகிதத்தில் ஒத்துவருவது தளத்தில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. பீமின் மேல்பக்கம் ஸ்லாப் இருக்கிறது. புது ரிங்கை ப வடிவத்தில் வளைத்து, கால்களை ஸ்லாப்பின் அடியிலேயே நிறுத்திவிட்டால், விசை வரும்போது மேல்முனை வெறுமனே உருவிக்கொண்டு வரும். ஸ்லாப்பில் துளை போட்டு, கம்பியை மேலே கொண்டுபோய் மூட வேண்டும், அல்லது கணக்குப் பார்த்து ஆழத்தில் எபாக்சியால் நங்கூரமிட வேண்டும். மேல்தளத் தரையை உடைக்க வேண்டியிருக்கிறதே என்று இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் அதிகம். கார்பன் இழையிலும் இதே கதைதான், ஸ்லாப்பின் அடியில் முடியும் விளிம்பு முதலில் பிய்ந்து வரும்.

வெட்டுவிசையைச் சரிசெய்தால் போதாது, அதே கூடுதல் சுமை நடு ஸ்பானின் வளைவிலும் தூணிலும் அடித்தளத்திலும் ஏறியிருக்கிறது. அவற்றையும் அதே எண்களோடு பார்க்க வேண்டும்.

ஏற்றவே கூடாத இடம்

பீமின் அடியில், நீளவாக்கில், கம்பி ஓடும் பாதையிலேயே ஒரு விரிசல் ஓடினால் பம்பை எடுக்காதீர்கள். அது துரு. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை பருமன் கூடும், அந்த வீக்கம்தான் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கவரைப் பிளக்கிறது. உள்ளே எபாக்சி ஏற்றினால் துருவின்மேல் ஒட்டும், கம்பியின்மேல் ஒட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் சரியானதுபோலத் தெரியும், உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் கவர் முழுப் பலகையாகக் கழன்று விழும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் தொப் தொப்பென்ற வெற்றுச் சத்தம் கேட்கும், விரிசல் ஓரத்தில் பழுப்புக் கறை இருக்கும். அங்கே செய்ய வேண்டியது கவரை உடைத்து, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்கு, 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறந்து, துருவை முழுதாக எடுத்து, கம்பியின் விட்டத்தை அளந்து, தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, மறுபடி கான்கிரீட் கட்டுவது. அளக்கும்போது விட்டம் 16 இலிருந்து 14 மி.மீ. ஆகியிருந்தால் பரப்பில் கால்பங்குக்கும் சற்றே குறைவாகப் போய்விட்டது என்று அர்த்தம், கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடும் விரிசலும், அடித்தளம் இறங்கிக்கொண்டிருப்பதால் நாளுக்கு நாள் வளரும் விரிசலும் இதே பட்டியலில்தான். எபாக்சி இறுகினால் நெளிந்து கொடுக்காது. விரிசலின் குறுக்கே அளவுகோல் ஒட்டி, தேதியும் அன்றைய வெப்பநிலையும் எழுதி, சில வாரங்களாவது கவனிக்க வேண்டும். வெப்பநிலையோடு ஏறி இறங்கினால் அங்கே இளகிய சீலன்ட்டோ ஒரு இணைப்போ வேண்டும். ஏறிக்கொண்டே போனால் முதலில் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும்.

முட்டுகளை எடுக்கும் நாள்

எபாக்சி முழு வலு பெற ஏழு நாள் என்பது பொதுவான கணக்கு, குளிர் அதிகமென்றால் இன்னும் கூட. அதற்குள் ஓரிரு இடத்தில் 50 மி.மீ. கோர் எடுத்து விரிசலின் உட்பகுதியைப் பார்க்க வேண்டும். ரிங் கம்பியை வெட்டிவிடாமல், கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் குறித்துக்கொண்டு எடுக்க வேண்டும். விரிசலின் ஆழத்தில் 90 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும். மேல்முகத்தில் மட்டும் பளபளவென்று இருந்து உள்ளே காலியாக இருந்தால் மறுபடி துளையிட்டு ஏற்ற வேண்டியதுதான்.

அப்புறம் ஜாக்கியை ஒரேயடியாக இறக்கக் கூடாது. ஜாக்கெட் போட்டிருந்தால் அதன் கான்கிரீட்டும் வலுப்பெறும்வரை காத்திருந்து, கால்பங்கு கால்பங்காக இறக்கி, ஒவ்வொரு முறையும் பழைய விரிசலின் இருபக்கமும் கை அகலத்துக்கு வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கூடுதல் வலு இல்லாமல் எபாக்சி மட்டும் ஏற்றிய பீமில் மறு விரிசல் பெரும்பாலும் அந்தக் கை அகலத்துக்குள்தான் முதலில் தெரியும். ஒரு மயிரிழை தெரிந்தாலும் ஜாக்கியை அதே இடத்தில் நிறுத்திவிட்டு, சுமைக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.